என் பணம் எங்கே நிற்கிறது?

ஷார்ஜாவில் வேலை செய்யும் ராமநாதபுரம் மாவட்டத்து இளைஞர் ஒருவர், பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்சின் வாட்ஸ்அப் எண்ணுக்கு வியாழக்கிழமை காலையில் இப்படி ஒரு செய்தி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

"என்ன சார் இது? திங்கக்கிழமை பணம் போட்டேன். ஒரு மணி நேரத்துல ஏறிடும்னு சொன்னீங்க. இன்னிக்கு வியாழன். எங்க அத்தா மூணு நாளா பேங்க் வாசல்ல போய் நிக்கிறார். தம்பிக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும். போன் பண்ணா எடுக்க மாட்டேங்கிறீங்க. ஏமாத்துறீங்களா? சீக்கிரம் பாத்து சொல்லுங்க. இனிமே உங்க கடைப் பக்கமே வர மாட்டேன்."

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அது போய்ச் சேரவில்லை என்று கேட்கும்போது வேறு எப்படி எழுத வரும்? ஆனால் இந்தச் செய்திக்கு என்ன பதில் வரும் என்பது கல்ஃபில் இருப்பவர்களுக்குத் தெரியும். "ப்ராசஸ்ல இருக்கு சார், சீக்கிரம் ஏறிடும்." அதோடு முடிந்தது. மறுநாளும் அதே கேள்வி, அதே பதில்.

எழுதியவரின் கோபம் இதற்குக் காரணம் இல்லை. எந்தக் கேள்வியைக் கேட்கிறோமோ அதற்குத்தான் பதில் வரும். "ஏமாத்துறீங்களா?" என்றால் "இல்லை சார்" என்பார்கள். "சீக்கிரம்" என்றால் "சீக்கிரம்" என்பார்கள். இந்தச் செய்தியில் அவர்கள் பதில் சொல்லியே தீர வேண்டிய கேள்வி ஒன்றுகூட இல்லை. அந்தக் கேள்வியை எழுத வேண்டுமானால், பணம் எந்த வழியாக ஊருக்குப் போகிறது என்பது கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

நாம் கவுன்டரில் கொடுக்கும் திர்ஹம் நோட்டு எங்கும் பயணம் செய்வதில்லை. எக்ஸ்சேஞ்ச் நிறுவனம் இந்தியாவில் ஏதாவது ஒரு வங்கியில் முன்கூட்டியே ரூபாய்க் கணக்கு வைத்திருக்கும். நாம் பணம் கட்டியதும், "இந்தக் கணக்கில் இவ்வளவு ரூபாய் போடுங்கள்" என்ற உத்தரவு மட்டும் அந்த வங்கிக்குப் போகும். அந்த வங்கி, எக்ஸ்சேஞ்சின் கணக்கில் கழித்துக்கொண்டு, உள்நாட்டு நெஃப்ட் அல்லது ஐஎம்பிஎஸ் வழியாக நம் வீட்டுக் கணக்கு இருக்கும் வங்கிக்கு அனுப்பும். ஆக, பணம் நிற்கக்கூடிய இடங்கள் மூன்றுதான்: எக்ஸ்சேஞ்ச், இடையில் உள்ள இந்திய வங்கி, வீட்டுக் கணக்கு உள்ள வங்கி.

இதில் கடைசிக் கட்டம் மிக வேகமானது. ஐஎம்பிஎஸ் சில நொடிகளில் முடியும். நெஃப்ட் 2019 டிசம்பர் முதல் இரவு பகல், ஞாயிறு, பண்டிகை என்று பாராமல் அரை மணிக்கு ஒரு தொகுதியாக ஓடுகிறது. ஒரு தொகுதி முடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் பெறும் வங்கி பணத்தைக் கணக்கில் ஏற்ற வேண்டும், முடியாவிட்டால் அனுப்பிய வங்கிக்கே திருப்பிவிட வேண்டும். இது ரிசர்வ் வங்கியின் விதி.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. திங்கள்கிழமை போட்ட பணம் வியாழக்கிழமையும் ஏறவில்லை என்றால், அது மெதுவாக வந்துகொண்டிருக்கவில்லை. எங்கோ நின்றுவிட்டது. ஒன்று ஷார்ஜாவைவிட்டுக் கிளம்பவே இல்லை. அல்லது ஊர்வரை போய், ஏற முடியாமல் திரும்பி, இடையில் உள்ள வங்கியில் யாரும் கவனிக்காமல் கிடக்கிறது. நின்ற பணம் தானாக நகராது. யாராவது ஒருவர் அந்தப் பதிவைத் திறந்து பார்த்து, ஒரு திருத்தத்தைச் செய்ய வேண்டும். அவரைத் திறக்கவைப்பதுதான் நம் செய்தியின் வேலை.

இனி முதல் செய்தியை எடுத்துக்கொண்டு, எதை வைப்பது எதை மாற்றுவது என்று பார்ப்போம்.

அதில் இல்லாதது ரசீது எண். எக்ஸ்சேஞ்ச் ஊழியர் முன்னால் இருக்கும் திரையில் அந்த எண்ணைத் தட்டினால்தான் நம் பணத்தின் பதிவு திறக்கும். அது இல்லாத செய்தியைப் பார்ப்பவர், நல்லவராகவே இருந்தாலும், பொதுவான ஒரு பதிலைத்தான் தட்டிவிட முடியும். ஆகவே முதல் வரியிலேயே ரசீது எண். பிறகு தேதி, கிளை, கட்டிய திர்ஹம், சேர வேண்டிய ரூபாய். ரூபாய்த் தொகையை எழுதுவதற்குத் தனிக் காரணம் உண்டு. கட்டிய அன்றைய விலையில் கணக்குப் போட்டு ரசீதில் அச்சிட்ட தொகை அது. தாமதத்துக்கு நடுவில் விலை இறங்கினாலும் அந்தத் தொகைதான் ஏற வேண்டும் என்பதை அந்த ஒரு எண் நினைவூட்டிவிடும்.

அடுத்தது "ஒரு மணி நேரத்துல ஏறிடும்னு சொன்னீங்க". இது வாய்வார்த்தை. கவுன்டரில் இருந்தவர் "நான் அப்படிச் சொல்லவில்லை" என்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். ரசீதில், பெரும்பாலும் அடியில் சிறிய எழுத்தில், எப்போது சேரும் என்று அச்சிட்டிருப்பார்கள். நம் உதாரணத்தில் அது "அடுத்த வேலை நாள்" என்று வைத்துக்கொள்வோம். திங்கள் மாலை கட்டியதற்கு அது செவ்வாய். அச்சிட்ட கெடுவே இரண்டு நாள் முன்பு கடந்துவிட்டபோது, நிரூபிக்க முடியாத ஒரு மணி நேரத்துக்காக வாதாட வேண்டியதில்லை. வாய்வார்த்தையையும் சொல்லலாம், ஆனால் அழுத்தம் அச்சிட்டதன்மேல் இருக்கட்டும்.

"அத்தா மூணு நாளா பேங்க் வாசல்ல நிக்கிறார்" என்பது நெஞ்சைத் தொடும் வரி. ஆனால் ஊழியருக்கு அது பாதித் தகவல்தான். அத்தா என்ன பார்த்தார்? குறுஞ்செய்தி வரவில்லை என்பதால் பணம் வரவில்லை என்று முடிவு செய்தாரா, பாஸ்புக்கைப் பதிந்து பார்த்தாரா? கணக்கோடு இணைத்த போன் எண் மாறிப்போய், பணம் ஏறியும் செய்தி வராமல் இருப்பது சாதாரணமாக நடப்பது. ஆகவே எழுதும் முன் வீட்டில் ஒரு வேலை செய்யச் சொல்ல வேண்டும். பாஸ்புக்கைப் பதிந்து பார்ப்பதோடு, அதிலுள்ள கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் போனில் வாசிக்கச் சொல்லி, ரசீதில் உள்ளவற்றோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட வேண்டும். வங்கிகள் இணைந்தபோது பழைய குறியீடுகள் செல்லாமல் போனதை இங்கே நினைவுபடுத்துகிறேன். கரூர் லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு இணைந்தது. LAVB என்று தொடங்கிய அதன் குறியீடுகள் பிறகு DBSS என்று மாறின. எக்ஸ்சேஞ்சில் எப்போதோ பதிந்துவைத்த பழைய விவரத்தை வைத்தே அனுப்பிக்கொண்டிருப்பவர்களுக்கு இப்படி ஒரு நாள் இடறும்.

"தம்பிக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும்" என்பதை எடுத்துவிடக் கூடாது. அதற்கு ஒரு தேதி கொடுக்க வேண்டும். கடைசி நாள் திங்கள் என்றால் "திங்கள் 11ஆம் தேதி" என்று எழுதும்போது அது முறையீடாக மட்டும் நிற்காமல் கெடுவாகிவிடுகிறது. மேலதிகாரியிடம் "இதை முதலில் பாருங்கள்" என்று சொல்ல விரும்பும் ஊழியருக்கும் அது கையில் பிடித்துக் காட்ட ஒரு காரணம். "இனிமே வர மாட்டேன்" என்பதை எடுத்துவிடலாம். பணம் அவர்களிடம் இருக்கும்போது அந்த மிரட்டலுக்குப் பலம் இல்லை.

இப்போது திருத்தி எழுதிய செய்தி:

"வணக்கம் சார். ரசீது எண் 70352281. மார்ச் 4 திங்கள் மாலை உங்கள் ரோலா கிளையில் 1,500 திர்ஹம் கட்டினேன். ஊரில் என் தகப்பனார் கணக்கில் ஏற வேண்டியது 33,750 ரூபாய். கணக்கின் கடைசி நான்கு எண் 4417.

அடுத்த வேலை நாளில் சேரும் என்று ரசீதில் உள்ளது. கவுன்டரில் ஒரு மணி நேரம் என்று சொன்னார்கள். இன்று மார்ச் 7. காலை 10.30க்கு வங்கியில் பாஸ்புக் பதிந்து பார்த்தார்கள், பணம் ஏறவில்லை. கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி இரண்டும் ரசீதில் சரியாக இருக்கின்றன.

பணம் இப்போது எங்கே நிற்கிறது என்று சொல்லுங்கள். இந்திய வங்கிக்குப் போயிருந்தால் யுடிஆர் எண்ணும் தேதியும் வேண்டும். திரும்பியிருந்தால் என்ன காரணத்தோடு திரும்பியது? உங்களிடமே நின்றிருந்தால், நான் என்ன ஆவணம் தர வேண்டும்?

11ஆம் தேதி தம்பியின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசி நாள். இன்று மாலை 6 மணிக்குள் பதில் வேண்டும். முடியாது என்றால் இதைப் புகாராகப் பதிந்து புகார் எண் தாருங்கள். நான் இப்போது பயன்படுத்தும் எண் இதுதான்."

இந்தச் செய்திக்கு "ப்ராசஸ்ல இருக்கு" என்று பதில் சொல்ல முடியாது என்று நான் சொல்லவில்லை. சொன்னால், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்பது எழுத்தில் பதிவாகிவிடும். அந்தப் பதிவுக்குப் பின்னால் மதிப்பு உண்டு.

இந்தச் செய்தியின் உயிர் மூன்றாவது பத்தி. யுடிஆர் என்பது வங்கிகளுக்கு இடையே நடக்கும் ஒவ்வொரு அனுப்புதலுக்கும் உள்ள தனி எண். நெஃப்ட்டில் எழுத்தும் எண்ணுமாக 16 இடம். ஐஎம்பிஎஸ் என்றால் 12 இலக்கம் கொண்ட வேறொரு குறிப்பு எண் இருக்கும். எக்ஸ்சேஞ்ச் தரும் ரசீது எண்ணை ஊர் வங்கியில் காட்டினால் அவர்களுக்கு அது ஒன்றும் சொல்லாது. யுடிஆரைக் காட்டினால் தேடிப் பார்க்கலாம். ஆகவே அந்த எண்ணைக் கேட்பது ஒரு சோதனையும்கூட. எண் வந்தால் பணம் இந்தியாவுக்குள் கிளம்பிவிட்டது. கேட்டுக்கேட்டும் எண் வராவிட்டால் பெரும்பாலும் கிளம்பவில்லை.

நம் உதாரணத்தில் மாலையில் பதில் வருகிறது: "சார், நேம் செக்ல நிக்குது. பெனிஃபிஷியரி ஐடி வேணும். உங்களுக்கு செவ்வாய்க்கிழமையே கால் பண்ணோம், ரீச் ஆகல."

இதன் பொருள் இது. எக்ஸ்சேஞ்ச் நிறுவனங்கள் அனுப்புபவர், பெறுபவர் பெயர்களைத் தடைசெய்யப்பட்டவர்களின் பட்டியல்களோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சட்டப்படி கடமைப்பட்டவை. அந்த ஒப்பீட்டைச் செய்வது கணினி. முகமது, இப்ராகிம், அப்துல் போன்ற பெயர்கள் லட்சக்கணக்கானவர்களுக்கு உண்டு. நம் ஊர்ப் பழக்கப்படி தகப்பன் பெயரை ஒற்றை எழுத்து இனிஷியலாகச் சுருக்கிவிட்டால், ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக்காட்ட கணினிக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. ஊரில் பள்ளிவாசல் போய்வரும் ஒரு முதியவரின் பெயர் எங்கோ உள்ள ஒரு பட்டியலோடு ஒத்துப்போனதால் பேரனின் பால் காசும் தம்பியின் படிப்புக் காசும் நிற்பது கொடுமைதான். அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் அவிழ்க்கும் வழி எளிது: பிறந்த தேதியும் முழுப்பெயரும் உள்ள அடையாள அட்டை நகல், அனுப்புபவருக்கு என்ன உறவு என்ற ஒரு வரி. பிறந்த தேதி வேறு என்று தெரிந்ததும் ஊழியர் ஒருவர் பார்த்து விடுவித்துவிடலாம்.

இங்கே கேள்வியை அமைத்த விதம் ஏன் முக்கியம் என்றும் சொல்ல வேண்டும். "ஏன் நிறுத்தினீர்கள்?" என்று கேட்டால் சில நேரம் ஊழியரால் பதில் சொல்ல முடியாது. சந்தேகத்துக்குரிய பரிமாற்றம் என்று அரசுக்குத் தகவல் கொடுக்கும் நிலை வந்தால், அதை வாடிக்கையாளரிடம் வெளிப்படுத்துவது சட்டப்படி குற்றம். அதனால் நிறுத்திவைத்த எதைப் பற்றியும் வாய் திறக்கவே தயங்குவார்கள். "நான் என்ன ஆவணம் தர வேண்டும்?" என்று கேட்டால் தயக்கமின்றிச் சொல்லலாம்.

தொடர்பு எண் விஷயமும் கவனிக்க வேண்டியது. வேலை மாறும்போது, கம்பெனி சிம்மைத் திருப்பிக் கொடுக்கும்போது எண் மாறிவிடும். எக்ஸ்சேஞ்சில் பழைய எண்ணே இருக்கும். அவர்கள் அழைப்பது யாருக்கோ போகும். செய்தியின் கடைசி வரி அதற்காகத்தான்.

அடுத்த செய்தி இதைவிடச் சிறியது: "ரசீது எண் 70352281. கேட்ட ஆவணத்தை உங்கள் செயலி வழியாக இன்று மாலை 6.40க்கு ஏற்றிவிட்டேன். பெறுபவர் என் தகப்பனார். ரசீதில் உள்ள 33,750 ரூபாய் அப்படியே ஏறும் என்பதை உறுதிசெய்து, அனுப்பியதும் யுடிஆர் எண் தாருங்கள்." ஆவணத்தைக் கிளையில் நேரில் கொடுப்பதும் நல்லது. யாரோ ஒரு ஏஜென்ட்டின் சொந்த எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் ஆதார் படம் அனுப்புவது நல்லதில்லை. அதேபோல் கோபத்தில் ரசீதைப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டால், "கஸ்டமர் கேர்" என்று சொல்லிக்கொண்டு முதலில் வருபவர்கள் மோசடிக்காரர்களாக இருக்கலாம். ஓடிபி கேட்கும் எவரும் உங்கள் பணத்தைத் தேடித் தரப்போவதில்லை.

"வேண்டாம், ரத்து செய்து பணத்தைக் கொடுங்கள்" என்று எழுதத் தோன்றும். எழுதும் முன் எந்த விலையில் திருப்புவார்கள் என்று கேளுங்கள். ரூபாயாக மாற்றிவிட்ட தொகையை அன்றைய வேறொரு விலையில் திர்ஹமாக மாற்றித் தந்தால், கட்டியதைவிடக் குறைவாகக் கைக்கு வரும். தவறு அவர்களுடையது என்றால் கட்டிய 1,500 திர்ஹமையும் கட்டணத்தையும் முழுதாகக் கேட்க வேண்டும், அதையும் எழுத்தில்.

வேறு பதில் வந்திருந்தால்? யுடிஆர் எண் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது கேள்வி கேட்க வேண்டிய இடம் மாறிவிடுகிறது. இதுவரை எழுத வேண்டியவர் அனுப்பியவர்தான். ஊரிலிருந்து அத்தா எழுதினால் எக்ஸ்சேஞ்ச் விவரம் தராது. இனி எழுத வேண்டியவர் அத்தா. வங்கிக் கிளையில் ஒரு தாளில், "இந்த யுடிஆர் எண்ணில் மார்ச் 4 அன்று அனுப்பிய 33,750 ரூபாய் உங்களிடம் வந்ததா? என் கணக்கில் ஏற்றாததற்குக் காரணம் என்ன? திருப்பியிருந்தால் எந்தத் தேதியில்?" என்று எழுதி, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். நெஃப்ட்டில் ஏற்றவும் திருப்பவும் தாமதித்தால், ரெப்போ வட்டி விகிதத்தோடு இரண்டு சதவீதம் சேர்த்து, தாமதமான நாள்களுக்கு வங்கி வட்டி தர வேண்டும் என்பது விதி. ரெப்போ 6.5 சதவீதமாக இருந்தால் நம் தொகைக்கு மூன்று நாளுக்குச் சுமார் 24 ரூபாய். தொகை பெரிதில்லை. ஆனால் அந்த விதியைக் கடிதத்தில் ஒரு வரி குறிப்பிட்டால், இது பதிவேட்டில் ஏறும் தாமதம் என்பது மேலாளருக்குப் புரியும்.

"திரும்பிவிட்டது" என்ற பதிலுக்குப் பின்னாலும் ஒரு காரணம் இருக்கும். கணக்கு எண்ணில் பிழை முதல் காரணம். இன்னொன்று பலருக்குத் தெரியாதது. முழு ஆவணங்கள் இல்லாமல் திறந்த "சிறு கணக்கு" என்று ஒரு வகை உண்டு. அதில் ஒரு நிதியாண்டில் மொத்தம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் ஏறக் கூடாது, இருப்பும் 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அடையாளம் முழுமையாக நிறுவப்படும்வரை வெளிநாட்டுப் பணத்தை ஏற்கவும் இடமில்லை. அந்தக் கணக்குக்கு எத்தனை முறை அனுப்பினாலும் தொல்லைதான். எக்ஸ்சேஞ்சுக்கு எழுதிப் பயனில்லை, கிளைக்குப் போய் கேஒய்சி ஆவணங்களைக் கொடுத்துக் கணக்கை மாற்ற வேண்டும்.

இவ்வளவும் ரசீது கொடுக்கும் எக்ஸ்சேஞ்சுக்குப் பொருந்தும். உண்டியலில் கொடுத்த பணத்துக்கு இந்த வழி எதுவும் கிடையாது. அங்கே ரசீது இல்லை, யுடிஆர் இல்லை, சட்டமும் நம் பக்கம் இல்லை. விலை கொஞ்சம் கூடக் கிடைக்கிறது என்று அதில் போடுபவர்கள், பணம் நின்றுபோனால் யாருக்கு என்ன எழுதுவது என்பதையும் யோசிக்க வேண்டும்.

எக்ஸ்சேஞ்ச் பதிலே தரவில்லை என்றால் ஐக்கிய அரபு அமீரகத்தில் நிதி நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்க சனதக் என்ற அமைப்பு இருக்கிறது. இந்திய வங்கி மீதான புகார் என்றால், 30 நாளில் திருப்தியான பதில் வராதபோது ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். எந்த இடத்துக்குப் போனாலும் நிறுவனத்திடம் முதலில் எழுத்தில் புகார் செய்தீர்களா என்று கேட்பார்கள். தேதியும் புகார் எண்ணும் உள்ள அந்த வாட்ஸ்அப் செய்தி அப்போது கைகொடுக்கும்.

எக்ஸ்சேஞ்ச் ரசீதுகள் பெரும்பாலும் வெப்பத்தாளில் அச்சாகின்றன, சில மாதங்களில் எழுத்து மங்கிவிடும். அடுத்த முறை பணம் கட்டியதும் கவுன்டரைவிட்டு நகரும் முன் ரசீதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு எண்ணை அங்கேயே ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அவர்களிடம் உள்ள உங்கள் போன் எண் இப்போதையதுதானா என்று கேளுங்கள். எப்போது சேரும் என்பது ரசீதில் இல்லையென்றால், அதை எழுதித் தரச் சொல்லுங்கள்.